கம்பத்தின் எண் என்ன, அம்மா?

கேள்வி: எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. மாநகராட்சிக்குக் கொடுக்க ஒரு மனு எழுதித் தாருங்கள்.
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் இவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதுவதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு. தெருவிளக்கு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வரியோடுதான் வந்து நிற்பார்கள். அதை வைத்துக்கொண்டும் ஒரு மனு எழுதிவிடலாம். ‘மேற்படி தெருவில் வசிக்கும் பொதுமக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி’ என்று தொடங்கினால் ஒரு பக்கம் நிரம்பக் கால் மணி நேரம் போதும். விளக்கு மட்டும் எரியாது.

காரணம் சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் மனு மண்டல அலுவலகத்தில் முத்திரை வாங்கி, மின்துறைப் பொறியாளர் மேசைக்குப் போய், கடைசியில் ஏணியோடு வரும் பணியாளர் கைக்கு ஒரு துண்டுச் சீட்டாகப் போய்ச் சேரும். அவர் பெரும்பாலும் பகலில் வருவார். பகலில் தெருவில் எந்த விளக்குமே எரியாது. பதினைந்து கம்பங்கள் இருக்கிற தெருவில் கெட்டுப்போனது எது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர்; ‘அந்தப் பக்கம் ஏதோ ஒன்று’ என்பார். பணியாளர் எதையாவது ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். புகார் முடிந்ததாக உங்கள் கைபேசிக்குச் செய்தி வரும். அன்று ராத்திரியும் அதே இருட்டு.

ஆகவே இந்த மனுவை, பகல் வெளிச்சத்தில் உங்கள் தெருவுக்கு முதன்முறையாக வரும் ஒருவருக்கு வழி சொல்வதாக நினைத்து எழுத வேண்டும். அதற்கு வேண்டியவை என்னிடம் இல்லை, உங்கள் தெருவில் இருக்கின்றன. இன்று இரவு எட்டு மணிக்கு மேல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து வாருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

முதலில் கம்பத்தின் எண். கம்பத்தில், நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் படும் உயரத்தில், பெயிண்டால் எழுதியிருக்கும். மங்கியிருக்கலாம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மூடியும் இருக்கலாம். சுவரொட்டியைக் கிழிக்கிறேன் என்று ஈரத்துணியோடு கம்பத்துப் பக்கம் போகாதீர்கள். பழுதான கம்பத்தில் மின்கசிவு இருந்தால், மழை பெய்து தரை நனைந்திருக்கும் நாளில் உயிருக்கே ஆபத்து. எண் தெரியவில்லை என்றால் அதே வரிசையில் முன்னும் பின்னும் உள்ள கம்பங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளது தானே தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் எதிரே இருக்கும் வீட்டின் கதவு எண். நம் ஊரில் ஒரே வாசலில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு இருக்குமே, இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், வருகிறவர் மற்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு இருபது வீடு தள்ளிப் போய் நிற்பார்.

அடுத்தது, விளக்கு எப்படி எரியவில்லை என்பது. இது என்ன கேள்வி என்று தோன்றும். ஆனால் பொறியாளர் மனுவில் முதலில் தேடுவது இதைத்தான். ஒரே ஒரு விளக்கு இருட்டாக இருந்து, இரண்டு பக்கமும் எரிகிறதென்றால் கோளாறு அந்தக் கம்பத்தோடு முடிந்தது. எல்.இ.டி. விளக்குக்கு உள்ளே இருக்கும் ‘டிரைவர்’ என்ற சின்னப் பெட்டி போயிருக்கும், அல்லது கம்பத்தின் அடியில் உள்ள பியூஸ் போயிருக்கும். ஒரு குறிப்பிட்ட கம்பத்துக்கு அப்பால் தெருமுனை வரை எல்லாமே இருட்டு என்றால் பூமிக்கு அடியில் போகும் கேபிள் அந்த இடத்தில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சமீபத்தில் யாராவது அங்கே பள்ளம் தோண்டினார்களா என்று நினைத்துப் பாருங்கள். குடிநீர்க் குழாய்க்கோ மழைநீர் வடிகாலுக்கோ தோண்டியிருந்தால் அதையும் தேதியோடு ஒரு வரி சேருங்கள். தெரு முழுவதும் இருட்டு, ஆனால் வீடுகளில் மின்சாரம் இருக்கிறது என்றால் விளக்குகளை ஏற்றி அணைக்கும் சுவிட்ச் பெட்டியில் கோளாறு. விட்டுவிட்டு எரிகிறது, மழைக்குப் பின் அணைகிறது, பகலிலும் எரிகிறது என்று இன்னும் சில வகைகளும் உண்டு. எதைப் பார்த்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். ‘டிரைவர் பழுது’, ‘கேபிள் பழுது’ என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம். பார்த்ததைச் சொல்லிவிட்டால் தீர்ப்பு அவர்கள் வேலை.

இதில் ஒரு வகை எனக்கே பாடமாக அமைந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் வேலைக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போகிற ஒருவர் என் மேசைக்கு வந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அவரும் உங்களைப் போல ஒரு வரிதான் சொன்னார். இரண்டு முறை புகார் கொடுத்திருக்கிறார். ஒரு முறை ஆள் வந்து அவர் வீட்டு வாசல் கம்பத்தில் இருந்த விளக்கையே கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டியும் போயிருக்கிறார். ராத்திரி பார்த்தால் புது விளக்கும் எரியவில்லை. ‘விளக்கைத் திருடிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார்கள், அதை எழுதுங்கள்’ என்று கோபமாகக் கேட்டார். நான் எழுதவில்லை. தெருவில் மொத்தம் எத்தனை கம்பம், எவையெவை இருட்டு என்று எண்ணிவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்: மொத்தம் பதினொன்று, இருட்டாக இருப்பவை 2, 5, 8, 11.

தாளைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து மேசைக்குத் தேநீர் குடிக்க வரும் ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தெருவிளக்குகளுக்கு மும்முனை மின்சாரம் வருகிறது. சுமை சமமாக இருப்பதற்காகக் கம்பங்களை வரிசையாக முதல் ஃபேஸ், இரண்டாம் ஃபேஸ், மூன்றாம் ஃபேஸ் என்று மாற்றி மாற்றி இணைப்பார்கள். ஒரு ஃபேஸ் போய்விட்டால் இரண்டு விட்டு ஒன்று என்ற கணக்கில் விளக்குகள் அணைந்திருக்கும் என்றார். அதாவது, அந்த நான்கு விளக்குகளில் ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை. அவற்றுக்கு மின்சாரமே வரவில்லை. விளக்கை மாற்றிய பணியாளர் வந்தது பகலில்; அந்த நேரத்தில் எந்தக் கம்பத்துக்கும் மின்சாரம் வந்திருக்காது என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த மனுவில் திருட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘மொத்தம் 11 கம்பங்கள். தெற்கு முனையிலிருந்து எண்ணினால் 2, 5, 8, 11 ஆகியவை எரியவில்லை. மற்ற ஏழும் எரிகின்றன. 5ஆவது கம்பத்தில் விளக்கு மாற்றப்பட்ட பிறகும் எரியவில்லை’ – இந்த நான்கு வாக்கியங்கள்தான். ஒன்பதாம் நாள் மாலை ஆட்கள் வந்தார்கள். கம்பத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரே தெருமுனையில் உள்ள சுவிட்ச் பெட்டியைத் திறந்தார்கள். மூன்று பியூஸ்களில் ஒன்று அதன் பிடியோடு கருகிப் போயிருந்ததாம். அரை மணி நேர வேலை.

இனி யாருக்கு எழுதுவது என்பது. சென்னையில் வீட்டு மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. மனு வழிதவறிப் போவதற்கு இந்தக் குழப்பமே முக்கியக் காரணம். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கங்களில், தலைக்கு மேலே கம்பி போகும் தெருக்களில் மின்வாரியக் கம்பத்திலேயே தெருவிளக்கும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அங்கேகூடக் கம்பம் சாய்ந்தால், கம்பி தொங்கினால் வாரியம். விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சி. கொருக்குப்பேட்டை நான்காவது மண்டலமான தண்டையார்பேட்டையில் வருகிறது. ஆகவே உங்கள் மனு அந்த மண்டல அலுவலருக்கு. கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

மனு எழுதுவதற்கு முன் 1913 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மாநகராட்சியின் புகார் எண் அது. கட்டணம் ஏதும் இல்லை. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு மட்டும் என்றால் பல நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும். என் மேசைக்கே வர வேண்டியதில்லை. முடியாவிட்டால் அந்தப் புகார் எண் மனுவில் ‘பார்வை’ என்ற இடத்தில் உட்காரும். பார்வை இல்லாத மனு புது மனு. பார்வை உள்ள மனு, ஏற்கெனவே ஒரு முறை கணக்கில் ஏறிய வேலையின் பாக்கி. படிக்கிற அதிகாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கம்பத்தில் கை பட்டால் அதிர்ச்சி அடிக்கிறது, அடிப்பெட்டியின் மூடி இல்லாமல் கம்பி வெளியே தெரிகிறது என்றால் மட்டும் மனுவெல்லாம் அப்புறம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் யாராவது நின்றுகொண்டு, அந்த நிமிடமே 1913க்கும், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்கும் பேச வேண்டும். கடற்கரையை ஒட்டிய நம் பகுதியில் உப்புக்காற்றுக்கு இரும்புக் கம்பம் தரையைத் தொடும் இடத்தில்தான் முதலில் அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். நடந்து போகும்போது அதையும் தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது மனு. உங்கள் வரியில் இல்லாத எதையும் நான் கற்பனை செய்து சேர்க்கவில்லை. கோடிட்ட இடங்களை நீங்கள் நடந்து பார்த்ததை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(பெயர்),
புதிய எண் ____, பழைய எண் ____,
__________ தெரு, கொருக்குப்பேட்டை,
சென்னை. கைபேசி: __________

பெறுநர்
மண்டல அலுவலர் அவர்கள்,
மண்டலம் 4, தண்டையார்பேட்டை,
பெருநகர சென்னை மாநகராட்சி.
(மின்துறைப் பொறியாளர் கவனத்துக்கு)

பொருள்: தெருவிளக்கு – பழுது நீக்கக் கோருதல் – வார்டு ____, __________ தெரு, கம்பம் எண் ____ – தொடர்பாக.
பார்வை: 1913 புகார் எண் __________, நாள் ________.

ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் மொத்தம் ____ விளக்குக் கம்பங்கள் உள்ளன. அவற்றில் கம்பம் எண் ____ இல் உள்ள விளக்கு ________ தேதியிலிருந்து எரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள விளக்குகள் எரிகின்றன / எரியவில்லை. இந்தக் கம்பம் புதிய எண் ____, பழைய எண் ____ வீட்டுக்கு எதிரே, __________ அருகில் உள்ளது.

பார்வையில் கண்ட புகார் ________ அன்று முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அன்று இரவும் அதன் பின்னரும் விளக்கு எரியவில்லை.

தெருவின் அகலம் சுமார் ____ அடி. ஏணி வண்டி உள்ளே வர முடியும் / முடியாது. பணியாளர்கள் வரும்போது மேற்கண்ட கைபேசி எண்ணில் அழைத்தால் கம்பத்தை நேரில் காட்டுகிறேன்.

மேற்கண்ட விளக்கின் பழுதை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
நாள்:
இடம்:
இணைப்பு: இரவில் எடுத்த புகைப்படம் 1, பகலில் எடுத்த புகைப்படம் 1.

இவ்வளவுதானா என்று உங்கள் தெருவில் யாராவது கேட்பார்கள். பெண்கள் நடமாட முடியவில்லை, சங்கிலி பறிக்கிறார்கள் என்றெல்லாம் எழுதவில்லையே என்பார்கள். அப்படி ஏதாவது உண்மையில் நடந்திருந்தால், காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கான சி.எஸ்.ஆர். எண்ணோடு ஒரு வரி சேருங்கள். அதற்கு மதிப்பு உண்டு. நடக்காததை எழுதினால் ‘எப்போது, யாருக்கு’ என்று திருப்பிக் கேட்பார்கள், விளக்கு பின்னுக்குப் போய்விடும்.

ஏணி வண்டியைப் பற்றிய வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ரயில்வே கேட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் ஆட்டோ திரும்புவதே பெரும்பாடு. வண்டி வந்து, நுழைய முடியாமல் தெருமுனையிலேயே திரும்பிப் போய்விட்டால், கையால் தூக்கும் ஏணியோடு ஆட்கள் மறுபடி வர இன்னொரு வாரம் ஆகும். முன்கூட்டியே தெரிந்தால் ஏணியோடுதான் வருவார்கள். கம்பத்தடியில் நிரந்தரமாக நிற்கிற மீன்பாடி வண்டி ஏதாவது இருந்தால் அதை நகர்த்த நீங்கள் ஆளைப் பிடித்து வைப்பதும் நல்லது.

இரவுப் படத்தோடு பகல் படம் எதற்கு என்றால், இரவில் எடுத்த படத்தில் கறுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. பகல் படத்தில் கம்பமும் எதிர் வீடும் தெரியும். வருகிறவர் கையில் இருக்க வேண்டியது இந்தப் படம்தான்.

பொருள் என்ற வரியில் ‘பழுது நீக்கக் கோருதல்’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? அதை மாற்றி ‘புதிய விளக்கு அமைத்துத் தரக் கோருதல்’ என்று எழுதிவிடாதீர்கள். பேச்சில் இரண்டும் நமக்கு ஒன்றுதான். அலுவலகத்தில் அப்படி இல்லை. பழுது என்றால் பராமரிப்புக் கணக்கு. கையில் இருக்கிற சாமானை எடுத்துக்கொண்டு ஆள் கிளம்பலாம். புதிது என்றால் இடத்தைப் பார்த்து, மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்கி, நிதி ஒதுக்க வேண்டும். ஒரு பியூஸ் போட்டால் எரிகிற விளக்கை ஒரு சொல்லால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். கம்பமே இல்லாத இடத்துக்குத்தான் அந்தச் சொல் வேண்டும். அதே போல, குப்பை, கால்வாய், நாய்த்தொல்லை எல்லாவற்றையும் இந்த மனுவிலேயே சேர்த்து எழுதச் சொல்வார்கள் அக்கம்பக்கத்தார். ஒவ்வொன்றும் வேறு வேறு பிரிவு. ஒரே தாள் எல்லா மேசைக்கும் போக முடியாது; எந்த மேசையில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்று மறந்துவிட்டேன். விளக்கு எரிகிறது, ஆனால் மரக்கிளை மறைத்துக் கீழே இருட்டாக இருக்கிறது என்ற நிலைமையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்த்தால் இலைக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அப்படியென்றால் ‘எரியவில்லை’ என்று எழுதக் கூடாது. கிளையை வெட்டக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வந்து பார்ப்பவர் ‘விளக்கு நன்றாக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எழுதியது பொய்யும் இல்லை.

மனுவை இரண்டு நகலாக எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்’ என்றால் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே இருங்கள்; முத்திரை கிடைக்கும். இரண்டு வாரம் பாருங்கள். அசைவு இல்லையென்றால் அதே மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஒரு தாள் போடுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அது விளக்கம், தகவல் ஆகாது. ‘இந்தத் தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, அது இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது’ என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதிலுக்கு முன் விளக்கு வந்துவிடும்.

விளக்கு எரிந்த பிறகும் முத்திரை போட்ட நகலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மழைநீர் இறங்கிக் கெட்ட விளக்கு அடுத்த ஐப்பசியில் அதே கம்பத்தில் மறுபடி அணையலாம். அப்போது பார்வை எண் 2 உங்கள் கையில் தயாராக இருக்கும்.